1911இல் இல்லாத நியூட்ரான்

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில், சேலைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் டியூஷன் நிலையம் இருந்தது. சனிக்கிழமை மதியத்தில் இரண்டு வகுப்பு, ஞாயிறு காலையில் ஒன்று. பதினோரு ஆண்டுகளாக நான் அங்கே இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். வார நாள்களில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. ஞாயிறு வகுப்பு இருந்ததால் தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குப் பதில் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விடுவேன். அங்கே உட்கார்ந்ததும் கண் சொருகும். பக்கத்தில் இருக்கும் என் கணவர் முழங்கையால் இடிப்பார். எந்தக் கோயிலில், எந்த வாரம் என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு அது வழக்கமாகிவிட்டிருந்தது.

அணு மாதிரிகளின் வரலாறு என்பது என் கையேட்டில் ஒரே ஒரு பக்கம். ஐந்து வரிகள் கொண்ட அட்டவணை. ஆண்டு, பரிசோதனை, பார்த்தது, முடிவு என்று நான்கு பத்திகள். விஞ்ஞானிகளின் பெயர்களை நான் சேர்க்கவில்லை. பெயருக்கு மதிப்பெண் கிடையாது, என்ன பார்த்தார்கள், அதனால் என்ன மாறியது என்பதற்குத்தான் மதிப்பெண் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அந்தப் பக்கத்தை நடத்த நாற்பது நிமிடம் போதும். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் அதே வேடிக்கையைச் சொல்வேன், அதே அளவுக்குச் சிரிப்பு வரும்.

அந்த ஆண்டு ஞாயிறு வகுப்பில் ஒருவர் மட்டும் வயதில் பெரியவர். நாற்பத்தாறு என்று சேர்க்கைப் படிவத்தில் எழுதியிருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. மருத்துவமனைகளுக்கு வரும் கதிரியக்க மருந்துப் பெட்டிகளை வாங்கிச் சரிபார்த்து அனுப்பும் இடத்தில் இருபது ஆண்டுகளாக இருந்தார். கதிர்வீச்சுப் பாதுகாப்பில் பகுதிநேர டிப்ளோமா படித்தால் மேற்பார்வையாளர் ஆகலாம் என்று அவருடைய மேலதிகாரி சொல்லியிருக்கிறார். அதில் சேர ஒரு நுழைவுத் தேர்வு உண்டு, அதில் இயற்பியல் ஒரு பாகம். இரவு ஷிப்ட் முடிந்து வரும் நாளென்றால் சீருடையோடே வந்து கடைசி வரிசையில் உட்காருவார். தோ பாயோவில் வீடு. நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னை டீச்சர் என்றார்.

கேள்வி கேட்கமாட்டார். எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். என் அணுப் பக்கத்தை அவர் வார்த்தை மாறாமல் மனப்பாடம் செய்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் தேர்வுக்கு முந்தைய வாரம் நான் வைத்த சிறு பரீட்சையில் அவருக்கு முழு மதிப்பெண் போட்டது நான்தான்.

தேர்வில் அவர் தேறவில்லை. இரண்டு மதிப்பெண் குறைவு.

செய்தியைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். பரவாயில்லை அண்ணே, அடுத்த தடவை இருக்கிறது என்று பதில் அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், அந்த வாரம் எனக்கு வருத்தப்படக்கூடத் தெம்பு இல்லை. பள்ளியில் அரையாண்டுத் திருத்தம், நூற்று முப்பது தாள்கள் மேசைமேல் இருந்தன.

மூன்று வாரம் கழித்து வகுப்பு முடிந்ததும் அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லாரும் இறங்கிய பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து தாள்களை எடுத்தார். கல்லூரியில் விண்ணப்பித்து விடைத்தாளின் நகலை வாங்கியிருக்கிறார்.

“டீச்சர், ஒரு கேள்வி. இது அந்த டைம்லைன் கொஸ்டின். பத்து மார்க். ஏழுதான் போட்டிருக்காங்க.”

நான் வாங்கிப் பார்த்தேன். அணு மாதிரிகளின் வளர்ச்சியைக் காலவரிசையில் சுருக்கமாக எழுது, ஒவ்வொரு கட்டத்திலும் பரிசோதனை எதைக் காட்டியது, மாதிரியில் என்ன மாறியது என்று குறிப்பிடு என்பதுதான் கேள்வி. அதற்குக் கீழே அவருடைய அழகான கையெழுத்தில் என் வாக்கியங்கள் இருந்தன. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

1911 என்ற வரியில் சிவப்பு வட்டம் போட்டு, இதற்கு அப்போது ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தது. 1913 வரியில், என்ன மாறியது என்று ஒரு கேள்விக்குறி. 1932 வரியில் இன்னொரு கேள்விக்குறி. ஆக மூன்று மதிப்பெண் போயிருந்தது.

“ரொம்ப ஸ்ட்ரிக்டா திருத்தியிருக்காங்க அண்ணே,” என்றேன். “சில பேர் அப்படித்தான். விடுங்க.”

அவர் தலையாட்டினார். ஆனால் தாளை உறைக்குள் வைக்கவில்லை.

“இல்ல டீச்சர், நான் வீட்டுல உட்கார்ந்து பார்த்தேன். பத்தொம்பது முப்பத்திரண்டுல நியூட்ரான் கண்டுபிடிச்சாங்கன்னு கடைசி வரியில இருக்கு. ஆனா பதினொண்ணுலயே நியூக்ளியஸ்ல புரோட்டானும் நியூட்ரானும் இருக்குன்னு எழுதியிருக்கு. அது எப்படி டீச்சர்? எனக்குப் புரியாம கேட்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க.”

எனக்கு உடனே கோபம் வந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அவர்மேல் கோபப்பட எதுவும் இல்லை. பசி, வெயில், அடுத்து முடிக்கவேண்டிய திருத்தம், இவற்றுக்கு நடுவில் ஒருவர் வந்து என்னை யோசிக்கச் சொல்கிறாரே என்ற கோபம். அது சுருக்கத்துக்காக அப்படிப் போட்டது, அடுத்த வாரம் விளக்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து புக்கிட் பாஞ்சாங் வரை ஒரே ரயில். உட்கார இடம் கிடைத்தது. வழக்கமாகத் தூங்கிவிடுவேன். அன்று தூக்கம் வரவில்லை. கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் தடவையாக ஒரு மாணவியைப் போல வாசித்தேன்.

முதல் வரி சரி. ஆயிரத்து எண்ணூறுகளின் தொடக்கம். ஒரு சேர்மத்தில் தனிமங்கள் எப்போதும் ஒரே எடை விகிதத்தில் சேருகின்றன, ஆகவே ஒவ்வொரு தனிமமும் பிரிக்கமுடியாத கெட்டி உருண்டைகளால் ஆனது. இரண்டாவதும் சரி. 1897. காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிய குழாயில் எதிர்மின்வாயிலிருந்து வரும் கதிர், நேர்மின் தகட்டின் பக்கம் வளைகிறது. எந்த உலோகத்தை வைத்தாலும், எந்த வாயுவை வைத்தாலும் ஒரே மாதிரி வளைகிறது. ஆகவே எல்லா அணுக்களுக்குள்ளும் எதிர்மின் துகள் உண்டு, அணுவைவிட மிகமிக லேசானது. நேர்மின்னூட்டம் பரவிய உருண்டையில் அவை திராட்சை போட்ட கேக்கைப் போலப் பதிந்திருக்கின்றன என்று சில ஆண்டுகளில் ஒரு மாதிரி வந்தது. நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்லும் வேடிக்கை அந்தக் கேக்கைப் பற்றியதுதான்.

மூன்றாவது வரியில் மெல்லிய தங்கத் தகடு. அதன்மேல் ஆல்ஃபா துகள்களை விடுகிறார்கள். பெரும்பாலானவை நேரே போகின்றன. சில விலகுகின்றன. பல ஆயிரத்தில் ஒன்று திரும்பியே வருகிறது. இதுவரை சரி. அதற்கு அடுத்த பத்தியில், முடிவு என்ற தலைப்பின் கீழ், அணுவின் நடுவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் கொண்ட சிறிய உட்கரு உண்டு, எலக்ட்ரான்கள் அதைச் சுற்றிக் கூடுகளில் இருக்கின்றன என்று நான் எழுதியிருந்தேன்.

தங்கத் தகடு அதைச் சொல்லவே இல்லை. அணுவின் பெரும்பகுதி வெறும் இடம், எடை ஏறக்குறைய முழுவதும் நடுவில் மிகச் சிறிய இடத்தில் மின்னூட்டத்தோடு குவிந்திருக்கிறது, அவ்வளவுதான் அது சொன்னது. அந்த நடுவில் என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. புரோட்டான் என்ற பெயரே இன்னும் வைக்கப்படவில்லை. கூடுகள் என்பதும் அந்தப் பரிசோதனையிலிருந்து வந்தது அல்ல.

ரயில் பியூட்டி வேர்ல்டு தாண்டும்போது அந்தச் சிவப்புக் கேள்விக்குறிகளும் புரிந்துவிட்டன. ஒரு தவறு மூன்று மதிப்பெண்ணைத் தின்றிருக்கிறது. 1911இலேயே கூடுகள் வந்துவிட்டால், 1913இல் ஹைட்ரஜன் ஒளியின் தனித்தனிக் கோடுகளைப் பார்த்து, எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்கமுடியும் என்று சொன்னவர் புதிதாக எதைச் சொன்னார்? 1911இலேயே நியூட்ரான் இருந்துவிட்டால் 1932இல் என்ன மாறியது? என் மாணவர் நேர்மையாக என் அட்டவணையைப் பின்பற்றி, உறுதிசெய்யப்பட்டது, உறுதிசெய்யப்பட்டது என்று இரண்டு இடத்திலும் எழுதியிருந்தார். திருத்தியவர் கடுமையானவர் அல்ல. சரியாகத்தான் திருத்தியிருக்கிறார்.

அந்த வரி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கையேடு தயாரித்த ஆண்டில் அப்பா மருத்துவமனையில் இருந்தார். வார்டுக்கு வெளியே நாற்காலியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பாதிப் பக்கங்களை முடித்தேன். 1911க்குப் படம் வேண்டியிருந்தது. ஏதோ ஒரு புத்தகத்தில் இருந்த இன்றைய அணுவின் படத்தை எடுத்து ஒட்டினேன், சிவப்பு உருண்டைகள், சாம்பல் உருண்டைகள், சுற்றி வட்டங்கள். பிறகு அந்தப் படத்தைப் பார்த்து முடிவை எழுதினேன். பதினோரு ஆண்டுகளில் ஒருவருமே கேட்கவில்லை. எல்லாருக்கும் அணு என்றால் அந்தப் படம்தான். எனக்கும்தான்.

மறுநாள் நிலையத்தின் முதலாளியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். நல்ல மனிதர், படபடப்பு இல்லாதவர்.

“ஒரு வரிதானே டீச்சர். மாத்திடுங்க. அடுத்த பேட்சுக்குப் புதுசு பிரிண்ட் போட்டுக்கலாம் லா. யாருக்கும் சொல்ல வேணாம், பேரண்ட்ஸ் பெரிசாக்கிடுவாங்க.”

“அந்த அண்ணன் ஃபெயில் ஆனதுக்கு அதுதான் காரணம் சார்.”

“ரெண்டு மார்க் வேற எங்கயும் போயிருக்கலாம் இல்லையா?”

போயிருக்கலாம். வேறு இடங்களிலும் அவர் இழந்திருந்தார். ஆனால் அந்த மூன்று மதிப்பெண் நான் கொடுத்த தாளால் போனது. முதலாளியோடு வாதாட எனக்குச் சக்தி இல்லை, சரி சார் என்று வைத்துவிட்டேன்.

அன்று மதியமே அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். தவறு உங்களுடையது அல்ல, என்னுடையது, மன்னிக்கவேண்டும், நேரில் சொல்கிறேன் என்று. நெடுநேரம் பதில் வரவில்லை. ஷிப்டில் இருந்திருப்பார். மாலையில், பரவாயில்லை டீச்சர், மறுதேர்வு ஆறு வாரத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்தை மட்டும் ஒருமுறை சரியாகச் சொல்லுங்கள் என்று எழுதினார்.

புதன்கிழமை அவருக்கு ஓய்வு நாள், எனக்குப் பள்ளி ஒரு மணிக்கு முடியும். தேக்கா மார்க்கெட்டின் உணவுக் கடைகளில் ஓர் ஓரத்து மேசையில் உட்கார்ந்தோம். இரண்டு தே ஹாலியா, இஞ்சி போட்ட பால் தேநீர். வெள்ளைத் தாளில் புதிதாக அட்டவணை போட்டேன். கை பழக்கத்தில் நான்கு பத்தி போட்டது. அவர்தான் நிறுத்தினார்.

“இன்னொரு பத்தி போடுங்க டீச்சர். அப்ப என்ன தெரியாதுன்னு.”

“எதுக்கு அண்ணே? அதுக்கு மார்க் இல்ல.”

“எனக்கு வேணும். இல்லன்னா மறுபடியும் கலந்துடும்.”

போட்டேன். பிறகு ஒவ்வொரு வரியாகப் போனோம். கெட்டி உருண்டைக்கு எதிரே, உள்ளே ஏதாவது உண்டா என்பது தெரியாது. கேக்குக்கு எதிரே, நேர்மின்னூட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்பது ஊகம்தான். தங்கத் தகட்டில் அவர் நெடுநேரம் நின்றார். கேக் மாதிரி உண்மையாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டார். நேர்மின்னூட்டம் அணு முழுவதும் மெல்லப் பரவியிருந்தால் வேகமாக வரும் ஆல்ஃபா துகளைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு எந்த இடத்திலும் விசை இருக்காது, எல்லாம் சற்றே விலகி நேரே போயிருக்கும் என்றேன். அதனால்தான் ஒன்றிரண்டு திரும்பி வந்ததும் கேக் மாதிரி போய்விட்டது.

“திரும்பி வந்ததை எப்படிப் பார்த்தாங்க?”

“ஒரு திரை. துகள் பட்டா சின்னதா ஒரு வெளிச்சம் வரும். இருட்டு அறையில உட்கார்ந்து மைக்ராஸ்கோப் வழியா ஒவ்வொண்ணா எண்ணியிருக்காங்க. கொஞ்ச நேரத்துல கண்ணு அசந்துடும், ஆள் மாத்தி உட்காருவாங்க.”

“ஷிப்ட் மாதிரி,” என்றார். சிரிக்கவில்லை. “நாங்க பெட்டியைத் திறக்க மாட்டோம் டீச்சர். ஒரு மீட்டர் தூரம் தள்ளி நின்னு கதிர்வீச்சு அளக்குற கருவியைப் பார்ப்போம், லேபிளோட ஒத்துப்போகுதான்னு. உள்ள என்ன மருந்துன்னு டாக்குமென்ட் சொல்லிடும். இவங்ககிட்ட டாக்குமென்டே இல்ல.”

என் கையேடு செய்தது அதற்கு நேர் எதிர். டாக்குமென்ட்டை முதலிலேயே எடுத்து அந்த விஞ்ஞானிகள் கையில் திணித்துவிட்டது.

1911க்கு எதிரே அவரே எழுதினார்: உட்கருவுக்குள் என்ன, தெரியாது. எலக்ட்ரான் சுற்றினால் ஆற்றலை வெளியிட்டு உள்ளே விழுந்துவிட வேண்டும், ஏன் விழவில்லை, தெரியாது. 1913 வரி அந்த இரண்டாவது கேள்வியிலிருந்து வந்தது. 1932 வரி முதல் கேள்வியிலிருந்து வந்தது. பெரிலியத்தின்மேல் ஆல்ஃபா துகள்கள் பட்டதும் மின்னூட்டமே இல்லாத ஏதோ ஒன்று வெளிவந்து, மெழுகிலிருந்து புரோட்டான்களை முட்டித் தள்ளியது. புரோட்டான்கள் கிளம்பிய வேகத்தைக் கணக்கிட்டால் முட்டியதன் எடை ஏறக்குறைய புரோட்டானின் எடைதான். அதுதான் நியூட்ரான். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி, நான் சொல்லாமலே ஐந்து வரியையும் மறுபடி எழுதினார். இந்தத் தடவை அவருடைய வாக்கியங்கள். சில இடத்தில் ஆங்கிலம் தடுக்கியது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒன்று மாறியிருந்தது.

எழுந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பழகியவர்களுக்கு ஓய்வு நாளிலும் அந்த நேரத்தில் விழிப்பு வந்துவிடும் என்றார். எனக்கும் அப்படித்தான் என்றேன். இருவரும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம்.

ஞாயிறு வகுப்பில் பக்கத்தை மாற்றிக் கொடுத்தேன். பழைய வரியைப் பலகையில் எழுதி அடித்துக் காட்டினேன். பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் மட்டும், “டீச்சர், அப்போ ஓல்டு நோட்ஸைத் தூக்கிப் போடவா?” என்று கேட்டாள். போடு என்றேன். பெற்றோர் யாரும் அழைக்கவில்லை.

பழைய மாணவர்கள்தான் மனத்தில் உறுத்தினார்கள். கைப்பேசியில் ஒவ்வோர் ஆண்டின் குழுவும் அப்படியே இருந்தது. முதலாளி சொன்னதை நினைத்து இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு நான்கு வரியில் ஒரு செய்தி எழுதி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். என் கையேட்டில் 1911க்கான முடிவு தவறு, சரியானது இது, தாமதத்துக்கு வருந்துகிறேன்.

பெரும்பாலும் பதிலே இல்லை. சிலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினார்கள். ஒருவன் ராணுவத்தில் தேசிய சேவையில் இருக்கிறேன் டீச்சர், நலமா என்று கேட்டான். மூன்றாம் நாள் நான் நிலையத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் படித்த மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். பத்தாண்டு கழித்துக் கேட்ட குரல். அவள் இப்போது ஆசிரியை.

“டீச்சர், நானும் அந்தப் பேஜைத்தான் யூஸ் பண்றேன். உங்க டேபிளை அப்படியே ஸ்லைட்ல போட்டிருக்கேன்.”

“எத்தனை வருஷமா?”

“மூணு வருஷமா. பதினொண்ணுல நியூட்ரான். நானும் பார்க்கவே இல்ல பாருங்க.”

“நான் பதினோரு வருஷம் பார்க்கல.”

“நாளைக்கு கிளாஸ்ல சொல்லிடறேன் டீச்சர்.” அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. என் குரலைப் போலவே அதுவும் களைத்திருந்தது. குழந்தை அழுகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் சமையலறையில் அப்படியே நின்றேன். சோறு குழைந்து போயிருந்தது. கணவர் வந்து அடுப்பை அணைத்தார். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஒரு பிழை இன்னொரு பள்ளிக்கும் போயிருக்கிறது என்றேன். அவர் தட்டுகளை எடுத்து வைத்தார்.

மறுதேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மதியம் ஒரு மணிக்கு அண்ணன் அழைத்தார். பின்னால் பேருந்தின் சத்தம்.

“டீச்சர், டைம்லைன் கொஸ்டின் வரவே இல்ல.”

“வேற எது வந்துச்சு?”

“ஹாஃப் லைஃப். ஒரு கிராஃப் கொடுத்து, எவ்வளவு நேரத்துல பாதியாகும்னு. அது எனக்குத் தெரியும், எங்க மருந்துப் பெட்டி எல்லாமே அவசரமா போறது அதுக்குத்தானே. எழுதிட்டேன்.”

“நல்லது அண்ணே. அந்தப் பக்கத்துக்கு அவ்வளவு பாடுபட்டீங்க.”

“பரவாயில்ல டீச்சர். அது இப்போ எனக்குத் தெரியுது.”

அவர் தேறினார். டிப்ளோமா வகுப்பும் ஷிப்டும் சேர்ந்து அவரைக் கசக்கிப் பிழிகின்றன என்று ஒருமுறை எழுதினார். மேற்பார்வையாளர் பதவி இன்னும் வரவில்லை, காலியிடம் இல்லையாம். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நான் ஞாயிறு வகுப்பை விட்டுவிட்டேன். உடம்பு கேட்கவில்லை. முதலாளி புரிந்துகொண்டார். கையேட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். எனக்குப் பதிலாக வரும் ஆசிரியர் எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும் என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன். பார்ப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு மணி வரை தூங்குகிறேன். எழுந்த பிறகும் சற்று நேரம் களைப்பாகத்தான் இருக்கிறது.